கடைசி நாளில் எழுதும் நாலு வரி

அலுவலகத்தில் கடைசி நாளன்று உட்கார நேரம் இருக்காது. லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வேண்டும். நோ டியூஸ் படிவத்தோடு ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். இதற்கு நடுவே சாயங்காலம் அவசரமாக எழுதி அனுப்புவதுதான் விடைபெறும் மெயில். அதனால்தான் அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன.

கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்த ஒருவர் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

“இந்த நிறுவனத்தில் நான் பணியாற்றிய காலம் என் வாழ்வின் பொற்காலம். பல சவால்களுக்கு இடையிலும் எனக்கு ஆதரவளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே கற்றவற்றை என்றும் மறவேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிற எவருக்கும், ‘இது எனக்குச் சொன்ன நன்றி’ என்று தோன்றாது. ‘பல சவால்கள்’ என்றதும் மனக்குறையோடு போகிறாரோ என்ற சந்தேகம் வேறு வரும். அதே ஆள், நடந்ததை நினைத்துப் பார்த்து எழுதினால்:

“அனைவருக்கும் வணக்கம். கணக்குப் பிரிவில் இன்று எனக்குக் கடைசி நாள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, கையிருப்புச் சரக்கைப் பழைய பில்களோடு ஒத்துப்பார்க்க ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவர்கள் ராத்திரி வரை என்னோடு உட்கார்ந்தீர்கள். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட முடிந்தது என்றால், கேட்ட பில்லை அன்றைக்கே தேடி அனுப்பிய பர்ச்சேஸ் பிரிவினர்தான் காரணம். மிக்க நன்றி. என் வேலைகளை ஒப்படைத்துவிட்டேன். பேமென்ட் பற்றிய கேள்விகளை இனிப் பிரிவின் பொது மெயிலுக்கு அனுப்புங்கள். என் சொந்த மெயில் முகவரி கீழே இருக்கிறது. வருகிறேன்.”

செய்தி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அடுத்து வருவது இரண்டே சம்பவங்கள். எட்டு, பத்து என்று அடுக்கினால் அது பணி வரலாறாகிவிடும். ஒவ்வொன்றின் எடையும் குறையும். ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நன்றிக்குப் பிறகு, நாளைக்கு யாரைக் கேட்பது என்ற தகவல். வேறு எங்கே சேரப்போகிறார், ஏன் போகிறார் என்பதெல்லாம் இதில் இல்லை. கேட்கிறவர்களுக்கு நேரில் சொன்னால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் யாருடைய பெயரையும் எழுதவில்லை. நூறு பேருக்குப் போகும் மெயிலில் பத்துப் பெயரைப் போட்டால், பதினோராவது ஆள் தன் பெயரைத் தேடுவார். அதனால் பொது மெயிலில் வேலையையும் பிரிவையும் சொல்லி நன்றி சொல்வது நல்லது. தொழில் கற்றுக்கொடுத்த மேலாளருக்கும் கூடவே இருந்த ஓரிருவருக்கும் தனித்தனியாக எழுதலாம். அங்கே பெயர் சொல்லி, மனம்விட்டு எழுதத் தடையில்லை.

அனுப்புகிற விதத்திலும் கவனம் வேண்டும். எல்லோருடைய முகவரியையும் To பகுதியில் போட்டால், வாழ்த்துகிற ஒவ்வொருவரும் Reply all அழுத்த, நாள் முழுக்க எல்லோருடைய இன்பாக்ஸும் நிரம்பும். To-வில் உங்கள் முகவரியைப் போட்டு, மற்றவர்களை Bcc-யில் சேர்த்துவிட்டால் பதில்கள் உங்களுக்கு மட்டும் வரும். பல நிறுவனங்களில் கடைசி நாள் மாலையே அலுவலக மெயிலை முடக்கிவிடுவார்கள். கிளம்பும் நேரத்தில் அனுப்பினால், வருகிற பதிலைப் படிக்க உங்களுக்கு வாய்ப்பே இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்புவது சரியாக இருக்கும். வாடிக்கையாளர்களையும் சப்ளையர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு எப்போது, யார் மூலம் தெரிவிப்பது என்பதை மேலாளரிடம் கேட்டுக்கொண்டு தனியாக எழுத வேண்டும்.

பம்ப் கம்பெனிக்காரரின் மெயில் போய்ச்சேராத ஆட்களும் அங்கே உண்டு. காலையில் கேட் திறக்கும் செக்யூரிட்டி, தேநீர் கொண்டுவரும் அக்கா, பேங்குக்குப் போய்வரும் டிரைவர் ஆகியோருக்கு அலுவலக மெயில் முகவரியே இருக்காது. நோ டியூஸ் கையெழுத்துக்காக எப்படியும் கட்டடம் முழுக்க நடக்கத்தான் போகிறீர்கள். அந்த நடையிலேயே அவர்களையும் பார்த்து, செய்த உதவியைச் சொல்லி நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.