பாகுவும் பாக்கும்

2024 நவம்பரில் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் பருவநிலை மாநாடு நடந்தது. அந்தச் செய்தி ஒரு தமிழ் வாசிப்பாளரின் டெலிப்ராம்ப்டருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பாகு’ என்றே விட்டால் வெல்லப் பாகாகிவிடும்; திருத்துகிறேன் என்று ‘பாக்கு’ என அடித்தாலோ வெற்றிலை மட்டும்தான் பாக்கி! அதனால் பெயருக்கு முன்பே அடைப்புக்குறிக்குள் ‘பாட்டிலின் பா, வாக்கின் க்கு’ என்று வேறு நிறத்தில் குறிப்பு வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் வாய் முந்திவிடும்.

‘300 பில்லியன் டாலர்’ என்பதையும் எழுத்தில் விரிக்க வேண்டும். திரையில் அது இப்படி ஓடும்:

ஆண்டுக்கு /
முப்பதாயிரம் கோடி டாலர் /
தருவதாக
வளர்ந்த நாடுகள்
ஒப்புக்கொண்டன. //

ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம். இரட்டைக் கோட்டில் மூச்சு.

எழுத்து பெரிது, வரிக்கு மூன்று சொல்தான். வரி நீண்டால் வாசிப்பாளரின் கண் இடவலமாக ஓடுவது நேயருக்கு அப்பட்டமாகத் தெரியும். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தை அளவுக்கு மீறிப் பெருக்கினால் ‘ஒப்புக்கொண்டன’ இரண்டாக உடையும். அப்போது எழுத்தைத்தான் ஒரு படி குறைக்க வேண்டும், சொல்லை உடைக்கக் கூடாது.

குறியிட்ட பிரதியை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள்.