புள்ளி மட்டும் தெரியும் சொற்கள்

ஒரு சொல்லில் உள்ள மெய்யெழுத்துகளை மட்டும் எழுதிவிட்டு, மற்ற எழுத்துகளின் இடத்தில் வெறும் கட்டங்களைப் போட்டால் புதிர் தயார். ‘அம்மா’ என்பது □ ம் □ என்று நிற்கும். விடை காண்பவர் உயிரையும் உயிர்மெய்யையும் தாமே நிரப்ப வேண்டும்.

பழைய ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறான வேலை. ஓலையில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாததால், எது ‘க’, எது ‘க்’ என்று இடம் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. இங்கே புள்ளி கையில் இருக்கிறது, மற்றதெல்லாம் மறைவு.

தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். அப்படியானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இருநூறுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் என்று தோன்றும். உண்மையில் அவ்வளவு இல்லை. எந்த மெய்க்குப் பின் எது வரும் என்பதைத் தமிழ் கண்டிப்பாக வரையறுத்திருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் இதை மெய்ம்மயக்கம் என்கின்றன. க், ச், த், ப் ஆகிய நான்கின் பின்னும் அதே இன எழுத்துதான் வரும். ஆகவே க் என்பதை அடுத்த கட்டத்தில் க முதல் கௌ வரை 12 எழுத்துகளுக்கு மட்டுமே இடம். ங் வந்தால் பின்னால் க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை, ந் வந்தால் த வரிசை என்று பெரும்பாலும் நம்பலாம். ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: பட்டு, வெட்கம், காட்சி, நட்பு என நான்கு வழியில் ட் போகும். இரண்டு மெய் அடுத்தடுத்து நின்றால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்த்து.

புள்ளி தனக்கு வலப்புறம் உள்ள எழுத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். இடப்புறத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. □ □ ர் ச் □ என்பதைப் பாருங்கள். கடைசிக் கட்டம் ‘சி’ என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் வளர்ச்சியா, மலர்ச்சியா, உணர்ச்சியா, அதிர்ச்சியா, குளிர்ச்சியா, கவர்ச்சியா என்பதை எந்தப் புள்ளியும் சொல்லாது. □ ட் □ ம் இன்னும் மோசம். பட்டம், சட்டம், வட்டம், திட்டம், தோட்டம், கூட்டம், ஓட்டம், வெட்கம், நுட்பம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். குறிப்பு எதுவும் தராமல் இப்படி ஒற்றைச் சொல்லைக் கேட்பது நல்ல புதிர் ஆகாது.

அதனால்தான் இந்தப் புதிருக்குப் பழமொழி மிகவும் பொருந்துகிறது. ஒரு சொல்லின் குழப்பத்தை அடுத்த சொல் தீர்த்துவைக்கும். எடுத்துக்காட்டாக:

□ க் □ க் □ ம் / □ ன் / □ ஞ் □ / □ ன் / □ ஞ் □

மொத்தம் 16 எழுத்து. ஏழு தெரிகிறது, ஒன்பது மறைந்திருக்கிறது. முதல் சொல்லின் 3ஆம், 5ஆம் கட்டங்கள் இரண்டும் க வரிசை. முடிவில் ம் இருப்பதால் ‘-க்கும்’ என்று வைத்துப் பார்க்கலாம். யாருக்கோ, எதற்கோ உரிய செய்தி. □ ஞ் □ இரண்டு முறை வருவதால் ஒரே சொல் திரும்பி வந்திருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சு, நஞ்சு, நெஞ்சு, பிஞ்சு, குஞ்சு, இஞ்சி, கஞ்சி என்று ஒவ்வொன்றாக வைத்து, முன்னால் தன், என், மீன், தேன், பொன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘தன் குஞ்சு’ பொருந்தியதும் ‘பொன் குஞ்சு’ தானே வந்து நிற்கும். முதல் சொல் காக்கைக்கும்.

சொற்றொடரில் இன்னொரு துப்பும் கிடைக்கும். தனித் தமிழ்ச்சொல் க், ச், த், ப் ஆகியவற்றில் முடியாது. கட்ட வரிசை ஒன்று ப் என்று முடிந்தால் அது சந்தி; அடுத்த சொல் ப வரிசையில் தொடங்குகிறது என்று பொருள். புதிர் அமைப்பவர் ஒற்றை விட்டுவிட்டாலோ, தேவையில்லாத இடத்தில் போட்டாலோ விடை காண்பவர் வழி தவறிவிடுவார். இந்த விளையாட்டில் ஒற்றுப்பிழைக்கு மன்னிப்பு இல்லை.

பிறமொழிச் சொற்களிலும் கவனம் தேவை. பக்தி, சப்தம், டாக்டர் ஆகியவற்றில் க், ப் தம் இனத்தோடு நிற்கவில்லை. பஸ் போன்றவை தமிழில் இல்லாத முடிவைக் கொண்டவை. அவற்றைச் சேர்த்தால் முன்பே சொல்லிவிடுவதே முறை. குதிரை, கதவு, விறகு போலப் புள்ளியே இல்லாத சொற்களும் உண்டு. தனியே கேட்டால் அவை வெறும் கட்டங்கள்தான். தொடருக்குள் வந்தால் பக்கத்துச் சொற்களை வைத்துப் பிடித்துவிடலாம். கீழே உள்ள பழமொழியில் அப்படி இரண்டு சொற்கள் இருக்கின்றன. வயதைப் பற்றியது என்பது மட்டும் குறிப்பு, முயன்று பாருங்கள்.

□ ந் □ ல் / □ □ □ □ □ / □ ம் □ □ ல் / □ □ □ □