வார்த்தை மறந்த மெட்டு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே ஒரு மெட்டை முனகுவாள். சிறு வயதில் பாட்டு டீச்சர் சொல்லிக் கொடுத்தது. "வார்த்தையெல்லாம் போச்சுடி, மெட்டு மட்டும்தான் நிக்குது" என்பாள். ராகம் கேட்டால் சங்கராபரணம் மாதிரி இருக்கிறது என்பாள், அதற்கு மேல் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வார்த்தை தெரிந்தால் பாட்டைத் தேட ஒரு வரி போதும். மெட்டு மட்டும் தெரிந்தால், அதை முதலில் எழுத்தாக்க வேண்டும். மேலைநாட்டில் இதற்கு வெகுநாளாகவே வழி உண்டு. 1948இல் பார்லோவும் மார்கன்ஸ்டெர்னும் சுமார் 10,000 இசைக் கருக்களைத் திரட்டி ஓர் அகராதி போட்டார்கள். அதன் பின்பக்கத்தில், எல்லா மெட்டையும் C என்ற ஒரே சுருதிக்கு மாற்றி, ஸ்வர எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கியிருப்பார்கள். பியானோ படித்தவர் மனத்தில் இருக்கும் மெட்டை முதலில் C-க்கு மாற்றியாக வேண்டும். நமக்கு அந்த வேலை இல்லை. எந்தச் சுருதியில் பாடினாலும் ஆதாரம் ச தானே? ச என்பதை C என்று வைத்தால், சங்கராபரணத்தின் ரி D, க E, ம F, ப G, த A, நி B. கீபோர்டில் எல்லாம் வெள்ளைக் கட்டைகள்.

ஆகவே முதல் வேலை ச எது என்று கண்டுபிடிப்பது. பலரும் மெட்டின் முதல் ஸ்வரத்தையே ச என்று எடுத்துக்கொள்கிறார்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் புகழ்பெற்ற மெட்டு 'க க ம ப ப ம க ரி ச' என்று போகும். ஆரம்பிக்கும் க-வை ச என்று நினைத்து எழுதினால், அதே ஒலிகள் சுத்த ரிஷபமும் சாதாரண காந்தாரமுமாக மாறி, தோடியின் ஸ்வரஸ்தானங்கள் வந்து நிற்கும். கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தப்பைத் தவிர்க்க, மெட்டை முழுவதும் பாடிவிட்டு, எந்த ஒலியில் பாட்டு முடிந்ததாகக் காது ஒப்புக்கொள்கிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் ச. தம்பூரா ஆப்பை அந்தச் சுருதிக்கு வைத்துக்கொண்டு மறுபடி பாடினால் சந்தேகம் தீரும். அம்மாவின் மெட்டு தொடங்குவதும் ச-வில், முடிவதும் ச-வில். அந்த வகையில் எனக்கு வேலை சுலபம்.

அவள் முனக முனக எழுதினேன்:

ச ச ரி ச நி ச ரி – க ம க ரி ச – ரி ச நி ச

நி எல்லாமே கீழ் ஸ்தாயி. இதைக் கொஞ்சம் கவனித்து எழுத வேண்டும். புள்ளி வைக்க மறந்துவிட்டால், பிறகு வாசிக்கும்போது நி-யை ரி-க்கு மேலே என்று எண்ணிவிடுவோம். இறக்கம் ஏற்றமாகிவிடும்.

தேடுவதற்கு நான் பயன்படுத்தியது டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1975இல் வெளியிட்ட நூலில் கையாண்ட குறியீடு. ஸ்வரத்தின் பெயரே அதற்கு வேண்டாம். முதல் ஸ்வரத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதற்குப் பின் ஒவ்வொரு ஸ்வரமும் முந்தியதைவிட மேலே போனால் U, கீழே வந்தால் D, அதே இடத்தில் நின்றால் R. எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்ற கணக்கு கிடையாது. ச-வைத் தப்பாகப் பிடித்தாலும் இந்தக் குறியீடு மாறாது. இவ்வளவு தகவலைத் தூக்கி எறிந்துவிட்டு மெட்டை எப்படி அடையாளம் காண்பது என்று தோன்றலாம். ஐந்து எழுத்தில் 243 வடிவங்கள்தான் சாத்தியம், அதனால் ஐந்து போதாது. பதினைந்து எழுத்தில் 1 கோடியே 43 லட்சத்துக்கு மேல். மெட்டுகள் எல்லா வடிவத்திலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை என்றாலும், பதினைந்து எழுத்து இருந்தால் தேடலாம்.

Musipedia என்ற இணையதளத்தில் இந்தக் குறியீட்டைத் தட்டித் தேட வசதி உண்டு. நான் தட்டினேன். மேலே வந்தவை எவையும் அம்மாவின் மெட்டு இல்லை.

தப்பு தளத்தில் இல்லை, என் நோட்டில்தான். அம்மா முனகும்போது ரி-யிலிருந்து கீழ் நி-க்கு வழுக்கிக்கொண்டு இறங்குவாள். வழியில் ச காதில் படும். அதை நான் தனி ஸ்வரமாக எழுதிவிட்டேன். இன்னொரு தப்பு இதற்கு நேர்மாறானது. வார்த்தை இருந்தால் ஒரே ஸ்வரத்தில் இரண்டு எழுத்து வரும்போது நாக்கு இரண்டு முறை அசையும். வார்த்தை மறந்து முனகினால், அந்த இரண்டும் சேர்ந்து ஒரு நீண்ட ஸ்வரமாகிவிடும். குறியீட்டில் R தொலைவது பெரும்பாலும் இப்படித்தான்.

"அம்மா, முனகாதே. ஒவ்வொண்ணுக்கும் தா, தா என்று தட்டிப் பாடு."

"இது என்னடி புதுசா?" என்றாலும் பாடினாள். வழுக்கலுக்குத் 'தா' விழவில்லை, அது ஸ்வரம் இல்லை என்று தெரிந்தது. ஒன்றென்று நினைத்த க-வுக்கு இரண்டு 'தா' விழுந்தது. திருத்திய வடிவம் இது:

ச ச ரி நி ச ரி – க க ம க ரி ச – ரி ச நி ச

```
*RUDUUURUDDDUDDU
```

பழையதோடு ஒப்பிட்டால் பதினைந்தில் நான்காவதும் ஏழாவதும் மட்டுமே வேறு. அந்த இரண்டைத் திருத்தியதும் பட்டியலின் தலையில் வந்து நின்றது பிரிட்டனின் தேசிய கீதம்! அமெரிக்காவில் அதே மெட்டுக்கு வேறு வார்த்தை போட்டு தேசபக்திப் பாடலாகப் பாடுகிறார்கள். லீக்டென்ஸ்டைன் நாட்டின் கீதமும் அதே மெட்டுதான். மெட்டைத் தேடினால் இப்படித்தான் ஒன்றுக்குப் பல பெயர் வரும். கிடைத்த பெயரோடு நிற்காமல், நாம் கேட்ட இடத்தில் அது எந்தப் பெயரில் புழங்கியது என்று அடுத்துத் தேட வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டு கற்றவருக்கு வெள்ளைக்காரன் கீதத்தை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் நினைவுக்கு வந்தன. மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்ததாகச் சொல்வார்கள். எல்லாம் சங்கராபரணம். பிரிட்டிஷ் கீதத்தின் மெட்டில் அமைந்தது 'சந்ததம் பாஹிமாம்'. பெயரைச் சொன்னதும் அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் வரி வரை வார்த்தையோடு பாடினாள்.

இந்த வழி இங்கே பலித்ததற்குக் காரணம் நோட்டுஸ்வரத்தில் கமகம் இல்லை என்பது. எழுதிய ஸ்வரம்தான் காதில் விழும் ஸ்வரம். தோடியில் ஒரு வர்ணத்தை இப்படித் தேடப் போனால் முதல் காந்தாரத்திலேயே சிக்கிக்கொள்வோம். அந்த க ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே என்று பத்துப் பேர் எழுதினால் பத்து விதமாக வரும். அதற்கு வேறு பாதை. ராகத்தைப் பிடித்து, தாளத்தில் எடுப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த ராகத்துக் கீர்த்தனைகளின் ஸ்வரப்படுத்திய புத்தகத்தில் பல்லவிகளை ஒவ்வொன்றாகப் பாடிப் பார்க்க வேண்டியதுதான். நாள் பிடிக்கும், ஆனால் கிடைக்கும்.

அம்மாவிடம் இன்னொரு மெட்டு இருக்கிறது. அது பைரவி. பென்சிலை இன்னும் எடுக்கவில்லை.