கறுத்த நீரும் கரடுமுரடான விளிம்பும்: ஸ்கேனில் சிரோசிஸ்

ஆரோக்கியமான கல்லீரலின் விளிம்பு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மெல்லிய, வழுவழுப்பான வெண்கோடாகத் தெரியும். சிரோசிஸ் முற்றிய கல்லீரலில் அதே கோடு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடும் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் என்று காரணம் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். செல்கள் அழிந்த இடங்களில் தழும்பு நார் படர்கிறது. மிஞ்சிய செல்கள் அந்த நார்களுக்கு நடுவே முண்டு முண்டாக மறுபடி வளர்கின்றன. விளிம்பில் தெரியும் சொரசொரப்பு அந்த முண்டுகளால் வருவது.

வயிற்று ஸ்கேனுக்கு வழக்கமாக வைக்கும் வளைந்த கருவி ஆழமாகப் பார்க்கும். ஆனால் சின்னச் சின்ன முண்டுகளைத் தவறவிட்டுவிடும். அதனால் சந்தேகம் வந்தால் மருத்துவர், தைராய்டு பார்ப்பதற்கான தட்டையான கருவியை எடுத்து, வயிற்றுச் சுவரை ஒட்டியுள்ள இடது மடலின் மேல் நகர்த்திப் பார்ப்பார். வயிற்றில் நீர் கோத்திருந்தால் இந்த வேலை எளிதாகிவிடுகிறது. நீர் திரையில் கறுப்பாகவும் கல்லீரல் சாம்பல் நிறமாகவும் தெரிவதால், நடுவிலுள்ள விளிம்பு வரைந்து வைத்தது போலத் துலங்கும்.

கல்லீரல் சுருங்குவதும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நடப்பதில்லை. வலது மடல் சுருங்கும்போது, பின்புறமுள்ள சிறிய வால் மடல் பல நோயாளிகளுக்குப் பருக்கிறது. வால் மடலின் இரத்தம் தனிச் சிரைகள் வழியே நேராகப் பெருஞ்சிரையில் வடிவதால் அது தப்பிக்கிறது என்பது பொதுவான விளக்கம். வால் மடலின் அகலம் வலது மடலின் அகலத்தில் 0.65 பங்கைத் தாண்டினால் சிரோசிஸ் என்ற சந்தேகம் வலுக்கும். தொடக்க நிலையில், முக்கியமாக மது அருந்துவோருக்கு, கல்லீரல் பெருத்தே இருக்கலாம் என்பதால் மொத்த நீளத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

தழும்பேறிய கல்லீரல் வழியே இரத்தம் எளிதில் செல்லாது. குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இரத்தத்தில் அல்புமின் குறைகிறது. இவை சேர்ந்து வயிற்றறைக்குள் நீரைக் கசியவிடுகின்றன. கையால் தட்டிப் பார்த்து அறிய ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்கேனோ 100 மில்லி அளவிலேயே காட்டிவிடும். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள், கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள இடுக்கும் இடுப்புக்குழியும்.

இருபது ஆண்டுகளாகக் குடித்துவந்த, வயிறும் காலும் வீங்கிய ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் அறிக்கை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்: வலது மடல் 10 செ.மீ., விளிம்பு கரடுமுரடு, போர்ட்டல் சிரை 14 மி.மீ., மண்ணீரல் 15 செ.மீ., பித்தப்பைச் சுவர் 7 மி.மீ., வயிற்றில் நீர். போர்ட்டல் சிரை 13 மி.மீ.க்கு மேல் விரிந்ததும் மண்ணீரல் வீங்கியதும் அழுத்தம் ஏறியதன் அடையாளங்கள். தவறு நேரக்கூடிய இடம் பித்தப்பை. அதன் சுவர் பொதுவாக 3 மி.மீ.யைத் தாண்டாது, தடித்திருப்பதைக் கண்டதும் பித்தப்பை அழற்சி என்று அறுவை சிகிச்சை வரை போய்விடும் அபாயம் உண்டு. கல் இல்லை, கருவியை வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் வலி இல்லை, சுவர் சீராகத் தடித்திருக்கிறது என்றால், அது பெரும்பாலும் சிரோசிஸின் விளைவுதான். இந்த நிலையில் தேவையில்லாத அறுவை உயிருக்கே ஆபத்து.

இதயம் பலவீனமானாலும் வயிற்றில் நீர் கோக்கும். அப்போது கல்லீரல் சிரைகளும் பெருஞ்சிரையும் அகன்று தெரியும். சிரோசிஸில் கல்லீரல் சிரைகள் பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். மறுபுறம், தொடக்கநிலை சிரோசிஸில் ஸ்கேன் முற்றிலும் சரியாகவே தெரியலாம். ஆகவே ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

திரையில் கறுப்பாகத் தெரியும் நீரின் தன்மையையும் படம் முழுதாகச் சொல்லாது. ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இரத்த அல்புமினுக்கும் நீரின் அல்புமினுக்கும் உள்ள வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் போர்ட்டல் அழுத்தமே காரணம் எனலாம். வயிற்றுக் காசநோயில் அது பொதுவாகக் குறைவு. நீரில் நியூட்ரோபில் செல்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-ஐ எட்டினால் தொற்று என்று கொண்டு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். தொற்றுள்ள நீரும் ஸ்கேனில் அதே கறுப்பாகத்தான் தெரியக்கூடும். அதனால் சிரோசிஸோடு வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ மனக்குழப்பமோ வந்தால், அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.