மூட்டில் ஊசி, ரத்தத்தில் சர்க்கரை

மூட்டு வலிக்கும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி போட்ட இடத்தோடு நின்றுவிடுவதில்லை. முழங்காலுக்குள் செலுத்திய மருந்தில் ஒரு பகுதி மூட்டின் உள்சவ்வு வழியாக ரத்தத்துக்குப் போய்விடுகிறது. முதுகுத்தண்டில் நரம்பு உறைக்கு வெளியே போடும் எபிடியூரல் ஊசியிலும் இதுதான் நடக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு அதன் விளைவு குளுக்கோமீட்டரில் தெரியும்: பெரும்பாலும் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறத் தொடங்கும், ஓரிரு நாட்களில் உச்சத்தைத் தொடும், இரண்டு முதல் ஐந்து நாட்களில் பழைய நிலைக்கு இறங்கும். எபிடியூரல் ஊசிக்குப் பின் சிலருக்கு ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

மூட்டுக்கு அதிகம் போடப்படுபவை டிரையாம்சினலோன், மெதில்பிரெட்னிசலோன் அசிடேட் என்ற இரண்டு மருந்துகள். முழங்கால் போன்ற பெரிய மூட்டுக்கு வழக்கமான அளவு 40 மி.கி.; சில நேரங்களில் 80 மி.கி. வரையும் போவதுண்டு. மாத்திரைக் கணக்கில் பார்த்தால் 40 மி.கி. டிரையாம்சினலோன் ஏறத்தாழ 50 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். ஒரே நாளில் விழுங்கினால் எவரும் கவனிக்கக்கூடிய அளவுதான் அது. ஆனால் இந்த மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரையாத நுண்படிகங்களாக இருப்பதால் மூட்டிலேயே தங்கி மெல்ல மெல்லக் கரைகின்றன. வலி வாரக்கணக்கில் குறைந்திருப்பதற்கும், சர்க்கரை நாள்கணக்கில் ஏறியிருப்பதற்கும் காரணம் அந்த மெதுவான கரைதலே. இரண்டு முழங்காலுக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால் அளவு இரட்டிப்பாகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

ரத்தத்தில் கலந்த ஸ்டீராய்டு மூன்று இடங்களில் வேலை செய்கிறது. கல்லீரலைக் கூடுதல் குளுக்கோஸ் தயாரிக்க வைக்கிறது. தசைகள் இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல் போவதால், சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை அவை முன்போல் இழுத்துக்கொள்வதில்லை. கணையம் தேவைக்கேற்ப இன்சுலின் சுரப்பதையும் அது மட்டுப்படுத்துகிறது. நீரிழிவு இல்லாதவரின் கணையம் பெரும்பாலும் இதை ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் கணையத்தால் அது முடியாது.

இந்த மூன்றிலும் தசையின் பங்கைத்தான் சோதனை நேரத்தைத் தீர்மானிக்கும்போது நினைவில் வைக்க வேண்டும். தசை சர்க்கரையை வாங்க மறுப்பது சாப்பிட்ட பிறகே பெரிதாக வெளிப்படும். ஆகவே காலை வெறும் வயிற்று அளவு ஓரளவு மட்டுமே உயர்ந்திருக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பின் எண் எங்கோ போயிருக்கும். காலையில் ஒரு தடவை மட்டும் விரலைக் குத்திப் பார்த்து, ‘பெரிதாக ஒன்றும் ஏறவில்லை’ என்று நிம்மதியடைபவர் ஏற்றத்தின் பெரும் பகுதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். 58 வயதுப் பெண் ஒருவர். இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். வழக்கமாக வெறும் வயிற்றில் 130, மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180. திங்கள் காலை 11 மணிக்கு வலது முழங்காலில் 40 மி.கி. டிரையாம்சினலோன் போடப்படுகிறது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் 205. செவ்வாய்க் காலை வெறும் வயிற்றில் 152. மதியச் சாப்பாட்டுக்குப் பின் 296. புதன் காலை 148. மதியத்துக்குப் பின் 270. வியாழன் 138, 232. வெள்ளி 130, 198. சனிக்கிழமை மதியம் 182. காலை எண்களை மட்டும் வரிசையாகப் படித்தால் ஏற்றம் 22 புள்ளிதான். மதிய எண்களைப் படித்தால் 116. எல்லாருக்கும் இதே எண்கள் வரும் என்பதில்லை. மருந்தின் அளவு, ஊசிக்கு முன் சர்க்கரை இருந்த நிலை, இன்சுலின் போடுகிறவரா என்பதையெல்லாம் பொறுத்து உச்சம் 300-ஐத் தாண்டவும் செய்யும்.

எனவே ஊசி போடும் நாள் காலையிலேயே ஒரு சோதனை வேண்டும். பிறகு வரும் எண்களை ஒப்பிட அதுவே அடிப்படை. அது ஏற்கெனவே மிக உயர்ந்திருந்தால் ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரும் யோசிக்க முடியும். ஊசி போட்ட அன்று மாலையிலிருந்து முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு நான்கு தடவை பார்ப்பது நல்லது: காலை வெறும் வயிற்றில், மதியம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கப் போகும்போது. சோதனைப் பட்டை விலையை நினைத்து இரண்டு தடவைதான் முடியும் என்றால், மதியத்துக்குப் பிந்தையதையும் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தையதையும் விடக் கூடாது. மூன்று நாள் கழித்தும் எண் இறங்கவில்லை என்றால் சோதனை தொடர வேண்டும். தொடர்ந்து இரண்டு நாட்கள் வழக்கமான அளவுக்குத் திரும்பிய பிறகே பழைய முறைக்குப் போகலாம்.

இறங்கும் பக்கத்தையும் கண்காணிக்க வேண்டியிருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. சர்க்கரை ஏறியதைப் பார்த்து மருத்துவர் இன்சுலின் அளவையோ மாத்திரையையோ தற்காலிகமாகக் கூட்டியிருப்பார். ஸ்டீராய்டு வடிந்த பிறகும் அந்தக் கூடுதல் மருந்து தொடர்ந்தால், அடுத்த ஆபத்து தாழ்சர்க்கரை. நான்காம், ஐந்தாம் நாட்களில் காலை எண் 100-க்கு அருகே வரத் தொடங்குவதும், நள்ளிரவில் வியர்வையும் படபடப்பும் வருவதும் அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதற்கான அறிகுறிகள். எந்த எண் வந்தால் எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை ஊசிக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது, பின்னர் தொலைபேசியில் தவிப்பதைவிட மேல்.

இரண்டு தடவை தொடர்ந்து 300-க்கு மேல் காட்டினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அதோடு வாந்தி, அடங்காத தாகம், மூச்சு வாங்குதல், மயக்கம் இருந்தால் மருத்துவமனைக்கே போக வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர் கீட்டோனையும் பார்ப்பது அவசியம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை மிக உயராமலே கீட்டோன் ஏறக்கூடும் என்பதால், அவர்கள் வாந்தியை எண்ணைப் பார்த்து அலட்சியப்படுத்தக் கூடாது.

மூட்டில் கிருமித் தொற்று அபூர்வம்தான்; ஆனால் வந்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ஊசி போட்ட முதல் இரண்டு நாட்களில் வலி கூடித் தானாக அடங்குவது மருந்துப் படிகங்களால் வரும் எரிச்சல். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, மூட்டு சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இறங்க வேண்டிய நேரத்தில் சர்க்கரை மீண்டும் ஏறினாலோ ஸ்டீராய்டின் மேல் பழி போட்டுக் காத்திருப்பது தவறு.

ஆய்வகப் பரிசோதனைக்குத் தேதி குறிக்கும்போதும் இந்த ஊசி குழப்பம் விளைவிக்கும். ஊசி போட்ட வாரத்தில் எடுத்த ரத்த அறிக்கையைப் பார்த்து, விவரம் தெரியாத இன்னொரு மருத்துவர் நிரந்தரமாக மாத்திரையைக் கூட்டிவிட வாய்ப்புண்டு. இரண்டு வாரம் தள்ளி எடுப்பது பாதுகாப்பு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஐந்து நாள் ஏற்றத்தால் பெரிதாக அசையாது. அதில் வித்தியாசம் இல்லை என்பதற்காக அந்த ஐந்து நாட்களும் நன்றாகவே இருந்தன என்று சொல்லிவிட முடியாது.

ஊசி போட்டுக்கொண்டவர் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்த மூட்டு, எந்தத் தேதி என்பதைச் சர்க்கரைக் குறிப்பேட்டில் அந்த வாரத்து எண்களுக்கு மேலே எழுதி வைக்கலாம். அதே மூட்டுக்கு அடுத்த ஊசி பொதுவாக மூன்று மாதத்துக்கு முன்னால் போடப்படுவதில்லை. அப்போது எந்த நாளில் எவ்வளவு ஏறும் என்பதற்கு அந்தப் பக்கம் ஓரளவு வழிகாட்டும்.