எண்பதுக்கு இருபது: எதற்கு எது?

கண்ணெதிரே வறுத்து அரைத்து வாங்கிய நாளில் எழாத ஒரு சம்சயம், கைபேசியில் விற்பனைக் குறிப்பைப் படித்துக் காப்பிப்பொடி வாங்கும் இந்நாளில் இல்லத்தரசிகளுக்கு எழுவது இயல்பே. '80:20 கலவை, அடர் வறுவல்' என்று குறிப்பு சொல்லும். எண்பது எது, இருபது எது என்று சொல்லாது. காப்பியும் சிக்கரியும் என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்ள, பீபெரி எண்பது, ரொபஸ்டா இருபது, சிக்கரி அதற்கு மேல் தனி என்பது விற்பவரின் கணக்காக இருக்கலாம்.

சிக்கரி கலப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாதென்றும், காப்பி இத்தனை, சிக்கரி இத்தனை என இரண்டையும் உறைமேல் அச்சிட வேண்டுமென்றும் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன.

இதன் பிரயோஜனம் விலையில் தெரியும். அரைக் கிலோ 60:40 பொடி 300 ரூபாய், 80:20 பொடி 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் காப்பி 300 கிராம். ஆக, கிராம் ஒரு ரூபாய். பின்னதில் 400 கிராம். கிராம் ஏறக்குறைய 88 காசு. மலிவென்று எடுத்ததே விலை கூடியது. சிக்கரியில் காபீன் கிடையாதாகையால், கறுத்த டிகாக்ஷனைக் குடித்தும் தலைவலி போகவில்லை என்று முனகுவோரின் குறையும் ஓரளவு இதில் அடங்கும். அந்தக் கறுப்பை அடர் வறுவலும் தரும், சிக்கரியும் தரும்; ஆகவே நிறத்தைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது. சிக்கரி நீரை உறிஞ்சி உப்பி, பில்டரில் இறங்குவதைத் தாமதப்படுத்துவதால், இத்தனை கரண்டி பொடிக்கு இத்தனை வெந்நீர் என்ற செய்முறைக் குறிப்பும் அந்தந்த விகிதத்துக்கென்று எழுதப்பட்டாலன்றி உதவாது.

ஒரு தம்ளர் குளிர்ந்த நீரின்மேல் சிறிது பொடியைத் தூவிப் பார்த்தால், எண்ணெய்ப் பசையுள்ள காப்பி சற்று நேரம் மிதக்கும். சிக்கரியோ பழுப்புக் கோடிழுத்துக்கொண்டு உடனே அடியில் இறங்கும். 'கலப்பில்லாதது' என்று விற்ற பொடியைச் சந்தேகிக்க இப்பரீட்சை போதும். சதவீதத்தை அளக்கப் போதாது.

அளப்பதற்குச் சட்டத்தில் வழியுண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40-ஆம் பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். விதிமீறல் நிரூபணமானால் அக்கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால், சோதிக்கக் கொடுக்கப்போகும் எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலர் இடறுவது இங்கேதான். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர், குறிப்பின் படத்தையும் ரசீதையும், 14 இலக்க உரிம எண் தெரியும்படியான உறையையும் வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். விற்பனைக் குறிப்பை விற்பவர் எந்த நிமிஷமும் திருத்திவிடக்கூடுமாதலால், அந்தப் படத்தைப் பணம் கட்டுமுன்பே எடுத்துவைப்பது உசிதம்.