மேட்டு நிலத்திற்கு ஏறும் ஆற்றுநீர்

மகாராட்டிர மாநிலத்தின் சாங்கலி மாவட்டத்தில் கிருஷ்ணை ஆறு பாய்கிறது. ஆற்றோரத்துக் கரும்பு வயல்கள் பல, நீர்மட்டத்தைவிட மிக உயரத்தில் உள்ளன. அங்கு வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. ஆற்றுநீரைப் பம்பினால் உயர்த்திக் குழாய் வழியே வயலுக்குக் கொண்டுசெல்கின்றனர். இதுவே நீரேற்றுப் பாசனம் ஆகும்.

இதற்குரிய பம்பைத் தேர்ந்தெடுக்குமுன் அது வெல்ல வேண்டிய உயரத்தை அறிதல் வேண்டும். அவ்வுயரம் 'ஏற்றம்' எனப்படும். ஆற்று நீர்மட்டத்திலிருந்து வயலில் நீர் விழும் இடம் வரையுள்ள செங்குத்து உயரம் 'நிலை ஏற்றம்' ஆகும். ஆற்றில் நீர் குறைந்த கோடைக்காலத்தில் இதனை அளத்தல் வேண்டும். நீர் குழாயினுள் செல்லும்போது உராய்வினால் ஆற்றலை இழக்கிறது. அவ்விழப்பையும் மீட்டரில் கணக்கிட்டு நிலை ஏற்றத்துடன் கூட்டினால் 'மொத்த ஏற்றம்' கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வயலுக்கு வினாடிக்கு 10 லிட்டர் நீர் தேவை. நிலை ஏற்றம் 30 மீட்டர்; குழாயின் நீளம் 400 மீட்டர். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் உராய்வு இழப்பு ஏறத்தாழ 7 மீட்டர். வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் 3 மீட்டர் சேர்த்தால் மொத்த ஏற்றம் 40 மீட்டர் ஆகிறது. பம்பின் திறன் 60 விழுக்காடு எனில், இதற்கு ஏறக்குறைய 9 குதிரைத்திறன் தேவை. ஆதலால் 10 குதிரைத்திறன் மோட்டார் பொருந்தும்.

விலை குறைவு என்று 75 மில்லிமீட்டர் குழாயைப் பதித்தால், அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு மட்டும் ஏறத்தாழ 27 மீட்டராக உயரும். குழாயில் மிச்சப்பட்ட பணம் ஆண்டுதோறும் மின்கட்டணமாகச் செலவாகும்.

உராய்வை மறந்து, 30 மீட்டர் ஏற்றத்திற்குரிய பம்பை வாங்குவோரும் உண்டு. மோட்டார் ஓடும்; நீரோ குறைவாகவே வரும். 200 லிட்டர் பீப்பாயைக் கொண்டு இதனைக் கண்டறியலாம். வினாடிக்கு 10 லிட்டர் வந்தால் பீப்பாய் 20 வினாடியில் நிரம்பும். 30 வினாடி ஆனால், தேவையான நீரில் மூன்றில் இரண்டு பங்கே வருகிறது என்பது பொருள்.

பம்பை வைக்கும் இடமும் முக்கியமானது. உறிஞ்சுகுழாயில் நீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தமே. அது கோட்பாட்டளவில் ஏறத்தாழ 10 மீட்டர் வரையே நீரை உயர்த்தும். நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் நம்புவது அரிது. வெள்ளத்திற்கு அஞ்சிப் பம்பை மிக உயரத்தில் வைத்தால், கோடையில் அது நீரை இழுக்காது. மிகத் தாழ்வாக வைத்தால், மழைக்காலத்தில் மோட்டார் மூழ்கும். எனவே, நீர்மட்டம் பெரிதும் மாறும் இடங்களில் ஆற்றோரம் கிணறு அமைத்து, அதனுள் நீர்மூழ்கிப் பம்பை இறக்குகின்றனர்.

பயிற்சி
1. நிலை ஏற்றம், மொத்த ஏற்றம் ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. 200 லிட்டர் பீப்பாய் 25 வினாடியில் நிரம்பினால், வினாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது?